சத்துமாவைக் கடைக்குக் கொண்டுபோகும் முன்: தேதி, லேபிள், மூன்று முடிவு நாட்கள்

கேள்வி: "ஈரோட்டில் இரண்டு வருடமாக வீட்டிலேயே சத்துமாவு செய்து வாட்ஸ்அப் மூலம் விற்கிறேன். நிரந்தர வாடிக்கையாளர்கள் 180 பேர் இருக்கிறார்கள். நாத்தனார்தான் வறுப்பதையும் பேக்கிங்கையும் பார்க்கிறார். வரும் தை முதல் நாள் 30 கடைகளில் அரைக் கிலோ பாக்கெட்டாக இறக்க ஆசை. இப்போது செப்டம்பர் தொடக்கம். எதை எப்போது செய்வது, விளம்பரத்தை எப்போது ஆரம்பிப்பது, ‘சரி, இறக்கலாம்’ என்று எதை வைத்து முடிவு செய்வது?"

நாலரை மாதம் இருக்கிறது, போதும். ஆனால் தை முதல் நாள் கடையில் இறக்காதீர்கள். பொங்கலுக்கு முந்தைய வாரம் மளிகைக் கடைக்காரருக்கு வெல்லம், பச்சரிசி, நெய், முந்திரி தவிர வேறெதுவும் கண்ணில் படாது. புதுப் பாக்கெட்டைக் கல்லாவுக்கு அருகில் வைக்கச் சொன்னால், "வச்சுட்டுப் போங்க" என்று வாங்கி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிடுவார். கூரியர், லாரி ஆபீஸ் எல்லாம் நான்கைந்து நாள் ஒழுங்காக நடக்காது. அதனால் தை முதல் நாளை அறிவிப்பு நாளாக வைத்துக்கொண்டு, கடைக்குச் சரக்கு போகும் நாளாக ஜனவரி 21-ஐ வையுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவோம்.

பின்னோக்கி எண்ணினால் முதலில் முட்டும் இடம் லேபிளில் நீங்கள் போடப்போகும் கடைசித் தேதி. வாட்ஸ்அப்பில் விற்கும்போது மாவு அரைத்த வாரமே வீட்டுக்குப் போய்விடும், அடுத்த மாதம் தீர்ந்துவிடும். கடையில் அப்படி நடக்காது. உங்கள் பாக்கெட் இரண்டு மாதம் அலமாரியில் இருந்து, அதன்பின் வாங்கியவர் வீட்டில் ஒன்றரை மாதம் இருக்கும். உங்கள் மாவில் கம்பு இருக்கிறதா என்று பாருங்கள். கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்தவுடன் அந்தக் கொழுப்பும் அதைச் சிதைக்கும் லைபேஸ் என்ற நொதியும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. சரியாக வறுபடாத கம்பு மாவு சில நாளிலேயே சிக்கு வாடை பிடித்துக் கசக்க ஆரம்பிக்கும். நன்றாக வறுத்தால் நொதி செயலிழந்து, மாவு கெடுவது பெருமளவு தள்ளிப்போகும். ஆனால் உங்கள் வறுவல் போதுமா என்பதைப் பாக்கெட்டில் அடைத்து நாள்கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். நிலக்கடலை, முந்திரி, பாதாம் சேர்த்தால் அவற்றின் எண்ணெயும் இதே வேலையைச் செய்யும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிக்கு நாங்கள் ஒரு தானியக் கலவையை இறக்கினோம். பவுச்சில் "ஆறு மாதம்" என்று அச்சடித்தாயிற்று. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, மற்றவர்கள் அப்படிப் போட்டிருந்தார்கள் என்று நாங்களும் போட்டோம். ஆறாவது வாரம் ஒரு கடையிலிருந்து போன் வந்தது. போய் ஒரு பாக்கெட்டைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனபோது பழைய எண்ணெய்ச் சட்டியின் வாடை அடித்தது. ஒரு ஸ்பூன் மாவை வெந்நீரில் கரைத்துக் குடித்தால், விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு நின்றது. எல்லாக் கடையிலிருந்தும் திரும்ப எடுத்தோம். அச்சடித்த பவுச் ஆயிரக்கணக்கில் கிடந்தது, அதில் இருந்த தேதியை மாற்ற வழியில்லை.

எனவே உங்கள் முதல் வேலை போஸ்டர் அல்ல, செப்டம்பர் 10-க்குள் ஒரு சோதனை பேட்ச். வீட்டு மிக்சியில் அரைக்கக் கூடாது. கடைக்கு அனுப்பும் மாவை எந்த மில்லில் அரைப்பீர்களோ அதே மில், எந்த லேமினேட்டட் பவுச்சோ அதே பவுச், எந்த சீலிங் மெஷினோ அதே மெஷின். 40 பாக்கெட் போடுங்கள். 20 பாக்கெட்டை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற உணவு லேபில் கொடுத்து 40 டிகிரி வெப்பத்தில் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மீதி 20 உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையில் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு. நம் ஊர் அறை வெப்பம் 30 என்று வைத்தால், 40 டிகிரியில் 60 நாள் தாங்கும் மாவு அலமாரியில் 120 நாள், அதாவது நான்கு மாதம் தாங்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆறு மாதம் போட ஆசைப்பட்டால் லேபில் 90 நாள் ஆகும். டிசம்பர் 9 வரை காத்திருந்து அதன்பின் அச்சுக்கு ஓட வேண்டியிருக்கும். நான் உங்களுக்குச் சொல்வது நான்கு மாதம். 90 நாள் முடிவும் நன்றாக வந்தால் அடுத்த லேபிளில் கூட்டிக்கொள்ளலாம்.

அலமாரியில் இருக்கும் 20-க்கு வேறு வேலை. இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்து மோந்து பாருங்கள், கஞ்சி காய்ச்சிக் குடியுங்கள், மாவைச் சல்லடையில் சலித்து வண்டு, கூடு இருக்கிறதா என்று பாருங்கள். லேபின் வெப்பக் கணக்கு வண்டைப் பற்றி எதுவும் சொல்லாது. வறுத்தபோதே தானியத்தில் இருந்த முட்டைகள் செத்துவிடும். அதற்குப் பிறகு வண்டு வருகிறது என்றால் மில்லிலோ, ஆறப்போட்ட இடத்திலோ, சீலில் உள்ள ஓட்டையிலோ வழி இருக்கிறது என்று அர்த்தம். சீலைப் பார்க்க ஒரு வாளித் தண்ணீர் போதும். பாக்கெட்டை முழுக்க அமுக்கி, இரண்டு கையாலும் லேசாக நெருக்குங்கள். மூலையிலிருந்து குமிழி கோத்துக் கோத்து வந்தால் அங்கே சீல் பிடிக்கவில்லை. பெரும்பாலும் சீல் வரும் இடத்தில் மாவுத்தூள் ஒட்டியிருப்பதுதான் காரணம். அதைத் துடைத்துவிட்டு சீல் போடும் பழக்கத்தை இந்தச் சோதனை பேட்சிலேயே கொண்டுவந்துவிடுங்கள். இன்னொன்று, மில்லிலிருந்து வரும் மாவு சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு அடைத்தால் உள்ளே ஆவி படிந்து கட்டி கட்டியாகி, பிறகு பூஞ்சணம் பிடிக்கும். கை வைத்தால் குளிர்ச்சியாகத் தெரியும் வரை சுத்தமான தட்டில் பரப்பி ஆறவிடுங்கள்.

இந்த 60 நாளும் சும்மா இருக்கும் நாள் அல்ல. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு உங்களிடம் ஏற்கெனவே இருந்தாலும் அதில் எழுதியிருக்கும் முகவரியும் உணவு வகையும் இப்போது செய்வதோடு பொருந்துகிறதா என்று அவர்களுடைய FoSCoS பதிவுத் தளத்தில் பாருங்கள். வீட்டில் வறுத்து வெளியே மில்லில் அரைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது. எடைத் தராசுக்கு முத்திரை இருக்க வேண்டும்.

லேபிள் வாசகத்தையும் இப்போதே எழுதி முடியுங்கள். உள்ளே இருப்பவற்றை எடை அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி வரிசையாக எழுத வேண்டும். நிலக்கடலை, முந்திரி, கோதுமை, பால் பொடி போன்றவை இருந்தால் ஒவ்வாமைக்கான அறிவிப்பில் தனியாகச் சொல்ல வேண்டும். ஊட்டச்சத்து அட்டவணை, சைவக் குறி, 14 இலக்கப் பதிவு எண், பேட்ச் எண், நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, கடைசித் தேதி, புகாருக்கான போன் நம்பர் இதெல்லாம் பலருக்கும் தெரியும். விட்டுப்போவது யூனிட் விலை. ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு என்ன விலை என்று போட வேண்டும். 500 கிராம் 200 ரூபாய் என்றால் கிராமுக்கு 40 காசு. இது இல்லாத பாக்கெட்டை ஓரளவு பெரிய கடைகள் திருப்பி அனுப்பிவிடும்.

முதல் தடவையே அச்சடித்த பவுச்சுக்குப் போகாதீர்கள். அதற்கு நிறத்துக்கு ஒரு அச்சு சிலிண்டர் செய்ய வேண்டும், குறைந்தபட்ச ஆர்டரும் பெரிது, மூன்று நான்கு வாரம் ஆகும், ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் மொத்தமும் போச்சு. வெறும் பவுச்சில் நல்ல ஸ்டிக்கர் ஒட்டி 300 பாக்கெட் விற்றுவிட்டு அப்புறம் அச்சுக்குப் போகலாம். ஸ்டிக்கரிலும் பேட்ச், தேதி, விலை வரும் இடத்தைக் காலியாக விட்டு, பேக்கிங் நாளில் தேதி மெஷினால் அடியுங்கள்.

இனி விளம்பரம். உங்கள் வாட்ஸ்அப் போஸ்டரில் "6 மாதக் குழந்தை முதல்" என்றும் "சர்க்கரை நோய் தீரும்" என்றும் இருந்தால், சத்துமாவு விற்பவர்கள் பலரும் அப்படித்தான் போடுகிறார்கள், கடைக்குப் போகும் முன் இரண்டையும் எடுத்துவிடுங்கள். நோயைத் தீர்க்கும் என்று உணவுக்கு விளம்பரம் செய்ய 2018-ம் ஆண்டின் உணவு விளம்பர விதிகள் இடம் தருவதில்லை. குழந்தை விஷயம் இன்னும் கண்டிப்பானது. தாய்ப்பாலுக்குத் துணையாக இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு என்று சொல்லி விற்கும் எந்த உணவையும் விளம்பரப்படுத்துவதை 1992-ம் ஆண்டுச் சட்டமும் 2003-ல் வந்த அதன் திருத்தமும் தடை செய்கின்றன. அத்தகைய உணவின் டப்பாவில் குழந்தைப் படமே போடக் கூடாது. குடும்பத்துக்கான காலைக் கஞ்சி மாவு என்று சொல்லுங்கள். எத்தனை தானியம், எதில் வறுத்தது, எத்தனை நிமிடத்தில் கஞ்சி ஆகும் என்று காட்டுங்கள், அதுவே விற்கும்.

விளம்பர வேலைகளை நான் இரண்டாகப் பிரிப்பேன்: தேதி சொல்லாதவை, தேதி சொல்பவை. வறுக்கும் வீடியோ, கஞ்சி காய்ச்சும் முறை, கடைக்காரர்களிடம் சாம்பிள் கொடுத்துப் பேசுவது, வாடிக்கையாளர்களிடம் "எந்த அளவு பாக்கெட் வேண்டும்" என்று கேட்பது எல்லாம் முதல் வகை. அக்டோபரிலேயே ஆரம்பிக்கலாம், இறக்குவது தள்ளிப்போனாலும் நட்டமில்லை. யூடியூப் சமையல் சேனலுக்கு முன்பணம், கடை வாசலில் பேனர், "ஜனவரி 21 முதல்" என்ற அறிவிப்பு எல்லாம் இரண்டாவது வகை. ஒருமுறை வெளியே போய்விட்டால் அந்தத் தேதி உங்களைத் துரத்தும். மாவு சரியில்லை என்று மனசுக்குத் தெரிந்தும் அனுப்பிவைப்பது இந்தத் துரத்தலில்தான். பாக்கெட் படங்களையும் ஸ்டிக்கர் கைக்கு வந்த பிறகே எடுங்கள். பழைய லேபிளோடு எடுத்த படம் எங்கேயாவது மிஞ்சி, பழைய விலையைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. "இறக்கலாமா வேண்டாமா" என்பதை ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். திரும்ப எடுக்க முடியாத செலவு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு முடிவு நாள் வையுங்கள். உங்களுக்கு அப்படி மூன்று நாட்கள் வருகின்றன.

முதல் நாள் நவம்பர் 12. லேபின் 60 நாள் முடிவு கையில் இருக்கும். அது நன்றாக இருந்து, அலமாரிப் பாக்கெட்டிலும் வாடையோ வண்டோ இல்லையென்றால் ஸ்டிக்கரை அச்சுக்குக் கொடுங்கள். முடிவு மோசமென்றால் கம்பைக் குறைத்தோ எடுத்தோ, வறுவலை மாற்றியோ மறுபடி சோதனை பேட்ச் போட வேண்டும், தேதி பங்குனிக்குப் போகும். அன்று வரை நீங்கள் இழந்தது சோதனைச் செலவு மட்டும்.

இரண்டாவது டிசம்பர் 20. மொத்தத் தானியம் வாங்குவதற்கு முன். ஸ்டிக்கர் வந்து பிழை பார்த்தாயிற்றா, பதிவு சரியா, மில்காரர் ஜனவரி முதல் வாரத்தில் நாள் கொடுத்துவிட்டாரா, எழுத்தில் ஆர்டர் கொடுத்த கடைகள் எத்தனை? 30 கடை வேண்டாம், ஸ்கூட்டரில் போய்த் திரும்பும் தூரத்தில் 10 கடை போதும். கடைக்கு 12 வீதம் 120, பழைய வாடிக்கையாளர்களுக்கு 100, சுவைக்கக் கொடுக்கவும் மாற்றித் தரவும் 50, எடுத்து வைக்கும் சாம்பிள் 30. ஆக 300 பாக்கெட், 150 கிலோ மாவு. வறுத்து அரைப்பதில் எவ்வளவு குறைகிறது என்று சோதனை பேட்சிலேயே எடை போட்டு வைத்திருந்தால் தானியக் கணக்கு தானாக வந்துவிடும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சுமார் 167 கிலோ வாங்க வேண்டும். கடைகள் பணம் தர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் இரண்டாவது பேட்சுக்கான தானியப் பணமும் இப்போதே தனியாக இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது ஜனவரி 17. ஜனவரி 2 முதல் 6 வரை வறுத்து அரைத்து அடைத்துவிட்டு, 6-ம் தேதியே அந்த பேட்சின் சாம்பிளை லேபுக்கு அனுப்புங்கள். நுண்ணுயிர் சோதனைக்கு ஒரு வாரம் போல் ஆகும், ஈரப்பதத்தையும் சேர்த்துக் கேளுங்கள், நிலக்கடலை சேர்த்திருந்தால் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சண நச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். சோதனை பேட்ச் தேறியதே, இது எதற்கு என்று தோன்றும். முளைகட்டிய ராகியும் பயறும் செப்டம்பர் வெயிலில் காய்ந்தது வேறு, மார்கழிப் பனியில் காய்வது வேறு. வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அதோடு ஜனவரி 10-ல் உங்கள் அலமாரிப் பாக்கெட்டுகளுக்கு நிஜமாகவே நான்கு மாதம் முடிகிறது. கடைசி ஒன்றைப் பிரித்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு வாருங்கள்.

இந்த மூன்று நாளுக்கும் உரிய கேள்விகளை இன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அன்றைக்கு எழுதினால் ஆசைக்கு ஏற்றபடி வளைத்து எழுதுவோம். மூன்றாவது நாளின் தாளை நான் இப்படி எழுதுவேன். இவற்றில் ஒன்றுக்கு "இல்லை" வந்தாலும் சரக்கு வெளியே போகக் கூடாது:

- இந்த பேட்சின் லேப் முடிவு வந்து, தேறியதா?
- நான்கு மாதப் பாக்கெட் வாடை, கசப்பு, வண்டு எதுவும் இல்லாமல் இருக்கிறதா?
- குத்துமதிப்பாக எடுத்த 15 பாக்கெட்டில் ஒவ்வொன்றும் எடையிலும் வாளிச் சோதனையிலும் தேறியதா?
- ஸ்டிக்கரில் அடித்த பேட்ச், தேதி, விலை தெளிவாக, அழியாமல் இருக்கிறதா?
- எந்த பேட்ச் எந்தக் கடைக்குப் போகிறது என்ற நோட்டு எழுதி, திரும்ப எடுக்க வேண்டி வந்தால் யார் போவது என்று முடிவாகிவிட்டதா?

பேனர் வரவில்லை, வீடியோ முடியவில்லை, இரண்டு கடை பின்வாங்கிவிட்டன என்பதெல்லாம் இந்தத் தாளில் வரவே கூடாது. அவை இல்லாமலும் இறக்கலாம். ‘லேப் முடிவு நாளைக்கு வந்துவிடும், வண்டியில் ஏற்றிவிடலாம்’ என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்காதீர்கள். நாளைக்கு வந்தால் நாளைக்கு ஏற்றுங்கள். "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் உங்கள் நாத்தனாரிடம் இருக்கட்டும். பணம் போட்டவரும் கடைக்காரரிடம் வாக்குக் கொடுத்தவரும் நீங்கள், அன்றைக்கு உங்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். மாவில் கை வைத்தவர் அவர்தான். அவர் வேண்டாம் என்றால் காரணம் கேளுங்கள், ஆனால் அன்றைய முடிவு அதுதான் என்று இப்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தை முதல் நாள் அறிவிப்பு 17-ம் தேதிக்கு முன்பே வருகிறதே என்று கேட்பீர்கள். அதைப் பழைய 180 பேருக்கு மட்டும், பணம் வாங்காமல், முன்பதிவாகச் செய்யுங்கள். தள்ளிப்போனால் அத்தனை பேருக்கும் ஒரே மாலையில் போன் போட்டுச் சொல்லிவிட முடியும். கடைகளிடம் "பொங்கல் கழிந்து" என்று மட்டும் சொல்லியிருங்கள். பேனரும் சேனல் வீடியோவும் 17-க்குப் பிறகு, சேனலிடம் தேதி மாற்றிக்கொள்ளலாம் என்று முன்பே பேசிக்கொண்டு.

17-ம் தேதி "வேண்டாம்" வந்தால் என்ன செய்வது என்பதும் தாளின் பின்பக்கம் இருக்கட்டும். சீலோ எடையோ தவறென்றால் பிரித்து மறுபடி அடைக்க மூன்று நாள், ஜனவரி 24-ல் போகலாம். தேதியோ விலையோ தெளிவில்லையென்றால் மிச்ச ஸ்டிக்கரில் புதிதாக அடித்து ஒட்ட ஒரு நாள். அதற்காகத்தான் ஸ்டிக்கரை 500 ஆக அடிக்கச் சொல்வேன். ஈரமோ வாடையோ லேப் தோல்வியோ என்றால் அந்த 150 கிலோவையும் விட்டுவிட வேண்டும், யாருக்கும் பாதி விலைக்குக் கொடுக்கக் கூடாது. அந்த நட்டம் உங்களால் தாங்கக்கூடிய தொகையா என்று டிசம்பர் 20 அன்றே பாருங்கள். தாங்காது என்றால் 300-ஐ 150 பாக்கெட்டாகக் குறைத்து, ஐந்து கடையோடு ஆரம்பியுங்கள்.

இறக்கிய பிறகு முதல் ஆர்டரை வைத்து எதையும் கணக்கிடாதீர்கள். அது கடைக்காரர் அலமாரியை நிரப்பியது. வாரம் ஒருமுறை கடைக்குப் போய் 12-ல் எத்தனை மிச்சம் என்று எண்ணி எழுதுங்கள். மூன்றாவது வார முடிவில் 10 கடையில் 6 கடையாவது இரண்டாவது முறை தாமாகக் கேட்டிருந்தால் மீதி 20 கடைக்குப் போங்கள். கேட்கவில்லையென்றால் பாக்கெட் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள், விலையைத் தொடுவதற்கு முன்.